சத்தம் கூட்டினால் டிவி கரகரப்பது ஏன்?

வால்யூம் 20-ல் தெளிவாகப் பேசும் டிவி, 40-ஐத் தாண்டியதும் கரகரக்கிறது. உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

முதலில் சவுண்ட் மோடை ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்கி, பாஸ், ஈக்வலைசர் அளவுகளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பாஸை ஏற்றி வைத்தால் ஒலி அலையின் உச்சி, ஆம்ப்ளிஃபையர் தரக்கூடிய எல்லையைத் தாண்டுகிறது. தாண்டிய உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்த வெட்டுதான் கரகரப்பு. அளவைக் குறைத்ததும் அது மறைந்தால் கோளாறு மென்பொருள் அமைப்பில்தான்.

மறையவில்லையா? பேலன்ஸை முழுக்க இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் தள்ளி, ஒரே பாட்டைக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும், அதுவும் தபேலா போன்ற கனத்த ஒலி வரும்போதெல்லாம் தவறாமல் கரகரத்தால், அந்த ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்கலாம்; அல்லது உள்ளிருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசலாம். ஸ்பீக்கரை மாற்றுவதே வழி.

ஒலி விட்டுவிட்டு வந்து, பின்மூடியை லேசாகத் தட்டினால் மாறுகிறதா? உள்ளே கனெக்டர் தளர்ந்து, அதிர்வில் ஆடுகிறது. அதை அழுத்திச் செருகினால் போதும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். மூடியைத் திறப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.