‘இது எத்தனையாவது மாடி, ஆச்சி?’ - மறதிப் பரிசோதனையில் படிக்காதவர்கள் தோற்பது ஏன்?

பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் கோயில் வாசலில் 72 வயது ஆச்சி ஒருவர் பூ விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பக்கம் போனதே இல்லை. ஆனால், 7 முழத்துக்கு எவ்வளவு, 500 ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்பதெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். சமீபமாகச் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறார். பயந்துபோன பேத்தி, நகரத்தில் இருக்கும் மருத்துவரிடம் கூட்டிப் போகிறாள். அங்கே ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்கிறார்கள்.

“இன்னைக்குத் தேதி என்னம்மா?”

“ஆவணி மாசம். நாளைக்குத் தேரு, மறுநாள் சதுர்த்தி.”

தாளில் தேதிக்கு நேரே பூஜ்ஜியம் விழுகிறது. அடுத்து, எந்த வருஷம் என்ற கேள்வி. ஆச்சி விழிக்கிறார். இன்னொரு பூஜ்ஜியம்.

100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார்கள். 93, 86, 79, 72, 65 என்று வர வேண்டும். ஐந்து விடைக்கு 5 மதிப்பெண். முழக்கணக்கும் இல்லை, ரூபாயும் இல்லை, வெறும் எண். ஆச்சிக்கு எதைக் கழிப்பது என்றே பிடிபடவில்லை. 5-ம் போயிற்று. தாளில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். இந்த மூன்றும் போயிற்று.

மற்ற எல்லாவற்றுக்கும் ஆச்சி சரியாகவே பதில் சொல்கிறார். மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று சொற்களையும் சில நிமிடம் கழித்துப் பிசகாமல் சொல்லிவிடுகிறார். கூட்டினால் 30-க்கு 20. வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 24. அதற்குக் கீழே போனால் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

இந்த 20 சொல்வது ஆச்சியின் மூளையைப் பற்றியா, அவர் போகாத பள்ளிக்கூடத்தைப் பற்றியா?

அமெரிக்கக் கேள்வித்தாள்

ஆச்சியிடம் கேட்டது எம்.எம்.எஸ்.இ. என்ற பரிசோதனை. 1975-ல் அமெரிக்காவில் வெளியானது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் உலகெங்கும் பரவியது. ‘இது எத்தனையாவது மாடி?’ என்றுகூட அதில் ஒரு கேள்வி உண்டு. பல மாடி மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கு அது பொருத்தம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் சிரிப்பார்.

படிப்பு குறைந்தவர்களுக்கு இதில் மதிப்பெண் குறையும் என்பது அமெரிக்காவிலேயே தெரிந்த விஷயம்தான். 18 வயதுக்கு மேற்பட்ட பல்லாயிரம் பேரைச் சோதித்து 1993-ல் வெளியிட்ட கணக்கில், 9 வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. அதாவது, அவர்களை வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்கியது. 5 முதல் 8 வருடம் படித்தவர்களுக்கு அது 26. படிக்காதவர்களுக்கும் 4 வருடம் வரை படித்தவர்களுக்கும் 22 மட்டுமே. இந்தக் கடைசிக் கூட்டத்தின் நடுவில் நிற்பவரே 24-ஐத் தொடவில்லை. ஆச்சியின் 20-ஐ இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்த்தால் போதாதா?

கேள்விகளை அப்படியே தமிழில் மாற்றிக் கேட்டால் போதும் என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மோக்கா என்று இன்னொரு பரிசோதனை, 2005-ல் கனடாவிலிருந்து வந்தது. அதன் ஆங்கில வடிவத்தில் முகம், வெல்வெட், தேவாலயம், டெய்சிப் பூ, சிவப்பு என ஐந்து சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். டெய்சியை நம் ஊரில் யார் பார்த்தார்கள்? சரி, மல்லிகை என்று மாற்றலாம். தேவாலயத்துக்குப் பதில் கோயில் என்று போடலாம். ஆனால், மல்லிகையும் கோயிலும் ஆச்சியின் மனதில் பிரிக்க முடியாத ஜோடி. ஒன்று ஞாபகம் வந்தால் மற்றது தானாக வந்து நிற்கும். கஷ்டமாக இருக்க வேண்டிய கேள்வி சுலபமாகிவிட்டது! நிஜமாகவே மறதி இருந்தால்கூட ஆச்சி இதில் தப்பித்துவிடலாம். சொற்கள் பழக்கமானவையாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று இழுத்து வரக் கூடாது.

எண்களிலும் இதே கதை. வரிசையாகச் சொல்லும் எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ‘செவன்’ தவிர எல்லாமே ஒரே அசையில் முடிந்துவிடும். தமிழில் ஒன்று, மூன்று, எட்டு என எல்லாமே குறைந்தது இரண்டு அசை. ஒன்பதுக்கு மூன்று. சொல்ல நேரம் அதிகம் பிடித்தால், மனதில் நிற்கும் எண்ணிக்கை குறையும். 1980-ல் பிரிட்டனில் வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல நேரம் கூடுதலாக ஆனது. அதே ஆட்களுக்கு அந்த மொழியில் நினைவில் நின்ற எண்களும் குறைவு. ஆள் ஒன்றுதான், மூளை ஒன்றுதான். மாறியது மொழி மட்டுமே.

‘எஃப் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லுங்கள்’ என்ற கேள்வி இன்னும் சங்கடம். தமிழில் ‘ப’ என்று கேட்டால், பாம்பும் பூனையும் கணக்கில் சேருமா? நமக்குப் ‘பா’ வேறு எழுத்து, ‘பூ’ வேறு எழுத்து. எழுத்தே அறியாதவரிடம் இதைக் கேட்பதில் அர்த்தமே இல்லை. அதனால்தான் ‘உங்களுக்குத் தெரிந்த மிருகங்களைச் சொல்லுங்கள்’ என்பது போன்ற கேள்விகளை அந்த இடத்தில் வைக்கிறார்கள்.

பல்லப்கரில் நடந்த மாற்றம்

இந்தியாவில் இதை முறையாகச் செய்து காட்டிய இடம் ஹரியானாவின் பல்லப்கர். அங்குள்ள கிராமங்களில் முதியவர்களிடம் டிமென்ஷியா பற்றி ஆராய, இந்திய, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து எம்.எம்.எஸ்.இ.யை இந்திக்கு மாற்றினார்கள். எச்.எம்.எஸ்.இ. என்ற அந்த வடிவம் 1995-ல் வெளியானது. பெரும்பாலானோர் எழுத்தறியாதவர்கள் என்பதை வைத்தே அதைக் கட்டினார்கள்.

எந்த வருஷம் என்பதற்குப் பதிலாக, இப்போது காலையா, மதியமா, மாலையா என்று கேட்டார்கள். மாடிக் கேள்விக்குப் பதிலாக, உங்கள் கிராமம் எந்தத் தபால் ஆபீஸில் சேர்ந்தது என்ற மாதிரிக் கேள்விகள். ‘கண்ணை மூடு’ என்று எழுதியதைப் படிக்கச் சொல்லாமல், ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். கவனத்தைச் சோதிக்க வார நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். கேள்வி மாறினாலும், அது சோதிக்கும் திறன் மாறவில்லை என்பதுதான் இதில் நுட்பம்.

2015-ல் வந்த மோக்கா பேசிக் என்ற வடிவமும் இதே வழியில் போனது. படிப்பு குறைந்தவர்களுக்கென்றே உருவான அதில் 1, 5, 10 என்ற பணத்தை வைத்து 13-ஐச் சரியாகக் கொடுக்க மூன்று வழி சொல்ல வேண்டும். நம் பூக்கார ஆச்சி யோசிக்காமல் சொல்லிவிடுவார்!

யாரோடு ஒப்பிடுவது?

கேள்விகள் சரியாகிவிட்டன. இன்னும் ஒரு வேலை பாக்கி. ஆச்சி ஒரு நிமிடத்தில் 10 மிருகங்களின் பெயரைச் சொன்னார் என்றால், அது நல்லதா, மோசமா? அதைச் சொல்ல, அவரைப் போன்ற ஆரோக்கியமான பலரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அதே வயது, அதே படிப்பு, அதே மொழி. அப்படிச் சேர்த்த கணக்குக்குத்தான் உள்ளூர் அளவுகோல் என்று பெயர்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. கல்லூரி படித்தவர்களின் சராசரி 18, பள்ளி செல்லாதவர்களின் சராசரி 12, இரண்டு கூட்டத்திலும் ஆளுக்கு ஆள் வழக்கமாக 4 கூடலாம், குறையலாம் என்று கொள்வோம். ஆச்சியின் 10-ஐப் படித்தவர்களோடு ஒப்பிட்டால் 8 குறைவு. வழக்கமான வேறுபாட்டைப் போல இரு மடங்கு, கவலைப்பட வேண்டிய இடம். பள்ளி செல்லாதவர்களோடு ஒப்பிட்டால் 2 மட்டுமே குறைவு. மிகச் சாதாரணம்.

இது எதிர்த்திசையிலும் கடிக்கும். அதே ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எம்.எம்.எஸ்.இ.யில் 26 எடுத்தால், ‘24-க்கு மேல்தானே, ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அவரைப் போலப் படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. பாடம் நடத்திப் பழகிய நாக்கு, தொடங்கிவிட்ட நோயை மறைத்துக்கொண்டிருக்கலாம். ஒரே எல்லைக்கோடு ஆச்சியை வீணாகப் பயமுறுத்துகிறது, வாத்தியாரை வீணாகச் சமாதானப்படுத்துகிறது.

செட்டிநாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. பர்மா, மலாயா என்று போய் வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. பினாங்கில் ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் மலாய் பேசி வளர்ந்தவரை எந்த மொழியில் சோதிப்பது? கணக்கு ஒரு மொழியில் வரும், சமையலறைச் சாமான்களின் பெயர் வேறு மொழியில் வரும். ஒரே மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், தெரிந்ததும் தெரியாததாகிவிடும். எந்த மொழி நன்றாக வரும் என்று முதலில் கேட்டுவிட்டு, விடை எந்த மொழியில் வந்தாலும் ஏற்பதே நியாயம். ஆனால் ‘ஆனை’ என்றும் ‘எலிஃபன்ட்’ என்றும் சொன்னால், அது ஒரு மிருகம்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு, முதல் கட்டமாக இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற 5 மொழிகளில் வந்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. மலையாளத்துக்குச் சேர்த்த அளவுகோலைத் தமிழருக்கு இரவல் வாங்கவும் முடியாது. மொழியும் வேறு, படித்தவர்களின் விகிதமும் வேறு.

வீட்டாரின் சாட்சி

‘10/66’ என்ற பன்னாட்டு ஆராய்ச்சிக் குழு, வேலூரும் சென்னையும் உட்படப் பல நாடுகளின் 25 மையங்களில் செய்த ஆய்வை 2003-ல் வெளியிட்டது. டிமென்ஷியா உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், நன்றாகப் படித்த ஆரோக்கியமானவர்கள், படிப்பு குறைந்த ஆரோக்கியமானவர்கள் என நான்கு கூட்டங்களையும் சோதித்தார்கள். படிப்பின்மையை நோய் என்று தப்பாகச் சொல்லாத முறையைத் தேடியது இந்த ஆய்வு. கேள்வித்தாளோடு வீட்டாரின் பேச்சையும் மனநிலைப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தபோது முடிவு துல்லியமானது.

வீட்டாரிடம் கேட்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘இப்போது சமைக்கிறாரா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பார் மருமகள். மறந்ததாலா, அடுப்படி மருமகள் கைக்குப் போனதாலா? எனவே கேட்க வேண்டியது, ‘முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை?’ என்பதே.

பேத்தி மறுபடியும் ஆச்சியைக் கூட்டிப் போவதாக இருந்தால், இதையெல்லாம் அவளே மருத்துவரிடம் சொல்லலாம். ஆச்சி பள்ளிக்கூடம் போகவில்லை, கண்ணாடி இல்லாமல் தெரியாது, இடது காது மந்தம். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாக வெளிப்படும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஆச்சி தினமும் விற்றுக் கணக்கு முடிக்கிறார், மீதிச் சில்லறையில் இதுவரை பிசகியதில்லை. என்றைக்கு அது பிசகத் தொடங்குகிறதோ, அன்றைக்கு எந்த மதிப்பெண்ணுக்கும் முன்னால் பேத்திக்குத் தெரிந்துவிடும்.