தொட்டியின் அடியில் தேங்கும் நீர்

பால்கனித் தக்காளிச் செடி காலையிலேயே துவண்டு நிற்கிறது. கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றத்தான் கை போகும். அதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் நல்ல ஈரம் இருந்தும் செடி வாடினால், அது தாகம் இல்லை. மண்ணில் காற்று இருக்க வேண்டிய துளைகளை நீர் அடைத்துக்கொண்டு, வேருக்கு மூச்சு முட்டுகிறது. பையைச் சாய்த்து அடித்துளையை முகர்ந்தால் சாக்கடை வாடையும் வரலாம்.

"அடியில் ஓட்டை இருக்கிறதே?" என்று பலர் கேட்பார்கள். ஓட்டை இருந்தாலும் எல்லா நீரும் வடிந்துவிடாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி நீர் சொட்டும். தொட்டி மண்ணும் அப்படித்தான். வடிந்தது போக, அடியில் ஒரு ஈர அடுக்கு நின்றுவிடும். அது எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது தொட்டியின் உயரம் அல்ல, கலவையின் துகள் அளவு. ஒரு கலவையில் இரண்டு அங்குலம் நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலத் தட்டில் அது வேரின் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கும்; பன்னிரண்டு அங்குலப் பையில் ஆறில் ஒரு பங்குதான். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஆழமான பை கேட்பது இதற்காகவும்தான். கீரைக்கு ஆழம் குறைந்த பை போதும். ஆனால் கலவை இன்னும் பொலபொலவென்று இருக்க வேண்டும்.

இதே காரணத்தால், அடியில் ஜல்லி பரப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். மண் ஒழுகாமல் இருக்கத் துளைமேல் ஒரு ஓட்டுச்சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

பை வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மட்டும் துளை இருந்தால், டைல்ஸ் தரையில் வைத்ததும் அது மூடிக்கொள்ளும். பக்கச் சுவரில், அடியிலிருந்து அரை அங்குல உயரத்தில் நான்கைந்து துளை போட்டு, பையை இரண்டு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். வெயில் நேராக விழும் பால்கனி என்றால் வெளிப்புறம் வெள்ளையான பை நல்லது. கறுப்புப் பையில் ஓரத்து வேர் சுடும். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால், அதிகம் தண்ணீர் ஊற்றும் கைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் மே மாதத்தில் இரண்டு வேளை நீர் கேட்கும், கனமும் அதிகம்.

இனி கலவை. வெறும் செம்மண், நீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும். வெறும் தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உரச்சத்தோ மிகக் குறைவு. பன்னிரண்டு அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில், மேலே ஓரங்குலம் விட்டு நிரப்ப ஏறத்தாழ 20 லிட்டர் கலவை வேண்டும். நான் போடுவது, ஊறவைத்துப் பிழிந்த நார்க்கழிவு 8 லிட்டர், மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் 6, செம்மண் 4, உமிக்கரி 2, கூடவே இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. துளைகளைத் திறந்து வைப்பது உமிக்கரிதான். அதற்குப் பதிலாக எம்-சாண்ட் போட்டால் அதன் மாவுத்தூள் இருக்கும் துளைகளையும் அடைக்கும்.

நார்க்கழிவுக் கட்டி வாங்கும்போது உப்பு குறைந்தது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். உப்பு கழுவப்படாதது என்றால் இலை நுனி கருகும், மண்மேல் வெள்ளைப் படலம் படியும். சந்தேகம் இருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கழுவும் நீர் தெளிவாகிவிட்டால் உப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பழுப்பு நார்ச்சாயம், உப்புக்கு நிறம் கிடையாது.

கலந்ததும் ஈரமான ஒரு பிடியை இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். களிபோல ஒட்டினால் உமிக்கரி சேருங்கள். ஒரு பருவம் முடிந்ததும் எரு மக்கி, மட்டம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும், துளைகளும் குறையும். அதனால் பழைய பையில் அப்படியே அடுத்த செடியை நடாமல், கொட்டிக் கிளறி, புது எருவும் உமிக்கரியும் சேர்த்து நிரப்ப வேண்டும்.

சென்னைபோல அக்டோபரில் பருவமழை தொடங்கும் ஊர்களில் இந்த வேலையைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். நிரப்பிய பையை ஒருமுறை முழுக்க நனைத்து வடியவிட்டு, மேலும் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் ஒழுகத் தொடங்கினால் செடி நடலாம். மேலே குளம் கட்டி நின்றால், நடுவதற்கு முன்பே கலவையை மாற்றுங்கள்.