டிவியில் சுற்றும் வட்டம்: தடை தெருவிலா, வீட்டுக்குள்ளா?

கைப்பேசியில் தடையில்லாமல் ஓடும் படம், டிவிக்கு மாற்றியதும் நின்று நின்று ஓடுகிறது. நடுவில் வட்டம் சுற்றுகிறது. இன்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் போட்டால், 'லைன் நன்றாகத்தான் இருக்கிறது' என்று பதில் வருகிறது. இரு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தெருவிலிருந்து ரவுட்டர் வரை ஒரு வழி, ரவுட்டரிலிருந்து டிவி வரை இன்னொரு வழி. அடைப்பு எதில் என்று தெரியாமல் பிளானை மாற்றுவது வீண் செலவு.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் இருக்கும் கைப்பேசியில் fast.com என்ற தளத்தைத் திறக்க வேண்டும். முதலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒரு முறை, பிறகு டிவி பக்கத்தில் நின்று ஒரு முறை. ரவுட்டர் அருகே 40, டிவி அருகே 3 என்று வந்தால் குற்றவாளி வைஃபை. இரண்டு இடத்திலும் 4 என்றால் குறை லைனில்தான்.

இரண்டாவது நிலையில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி, டேட்டா வரம்பு தீர்ந்து, வேகம் நொடிக்கு 4 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. டிவியின் யூடியூபில் யாரோ தரத்தை 1080p என்று நிலையாக வைத்துவிட்டார்கள். அந்தத் தரத்துக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் தேவை. ஆக, ஒரு நிமிடப் படத்துக்கு 300 மெகாபிட். 4 மெகாபிட் வேகத்தில் அது வந்து சேர 75 நொடி ஆகும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் 15 நொடி காத்திருப்பு! கைப்பேசியின் சின்னத் திரை 480p தரத்திலேயே திருப்தியடைந்துவிடுவதால், அங்கே இந்தச் சிக்கல் தெரியவில்லை.

இங்கே மருந்து எளிது. தரத்தை 720p ஆக்கினால் சுமார் இரண்டரை மெகாபிட் போதும்; மிச்சம் கையிருப்பாகச் சேரும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிவி யூடியூபில் படம் ஓடும்போது அமைப்புகளில் Stats for nerds என்பதைத் தேர்ந்தெடுத்தால், Buffer Health என்று ஒரு வரி தெரியும். அடுத்து எத்தனை நொடிப் படம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கிறது என்பதே அந்த எண். அது குறைந்துகொண்டே பூஜ்யத்தை நெருங்கினால், வட்டம் வரப்போகிறது என்று அர்த்தம்.

தரத்தைக் குறைத்தும் படம் நின்றால், வீட்டில் வேறு யார் லைனைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, கைப்பேசிப் படங்களும் வீடியோக்களும் தானாக மேலேறும் பேக்கப். ஏறும் பாதை நிரம்பிவிட்டால், இறங்கும் தரவுக்கு 'வந்து சேர்ந்தது' என்று டிவி அனுப்பும் பதிலும் வரிசையில் நிற்கும். அதனால் இறக்கமும் மந்தமாகும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த இரவில் படம் ஓடாததற்கு இது ஒரு காரணம். பேக்கப்பைத் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

டிவிக்கு எப்படி அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். யூடியூபில் கேஸ்ட் சின்னத்தைத் தொட்டால், கைப்பேசி அந்த வீடியோவின் முகவரியை மட்டும் டிவிக்குச் சொல்கிறது. படத்தை டிவியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது; கைப்பேசி வெறும் ரிமோட்தான். 2013-ல் கூகுள் கொண்டுவந்த குரோம்காஸ்ட் பரவலாக்கிய முறை இது. ஸ்கிரீன் மிரரிங் அப்படியல்ல. படம் வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு வந்து, அங்கே மறுபடி சுருக்கப்பட்டு, மறுபடி வைஃபை வழியாக டிவிக்குப் போகிறது. ஒரே காற்றில் இரட்டைப் பயணம். கேஸ்ட் சின்னம் இருக்கும்போது மிரரிங் பக்கமே போக வேண்டாம். சின்னம் காணவில்லையா? கைப்பேசியும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விருந்தினர் வைஃபையில் இருந்தால் இரண்டும் சந்திக்காது. கைப்பேசியில் விபிஎன் ஓடினாலும் சில நேரம் அப்படித்தான்.

கைப்பேசியிலேயே இருக்கும் கல்யாண வீடியோவுக்கு இணையமே வேண்டாம். பென்டிரைவில் ஏற்றி டிவியின் யூஎஸ்பி துளையில் செருகினால் போதும். எஃப்ஏடி32 முறையில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் வைஃபைதான் குற்றவாளி என்று தெரிந்தால், ரவுட்டரை டிவி தெரியும் இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைக்கலாம். நடுவில் தடித்த சுவர்கள் இருந்தால் அந்த அலை சீக்கிரம் தேய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் தாங்கும். எல்லாவற்றையும்விட நம்பகமானது, ரவுட்டரிலிருந்து டிவியின் லான் துளைக்கு இழுக்கும் ஒரு கேபிள். டேட்டா வரம்பு தீராத நாளிலும், ரவுட்டர் அருகிலேயே வேகம் குறைவாக வந்தால் மட்டும் நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். அப்போது இரண்டு இடத்து எண்களும் கையில் இருக்கட்டும்.