நேர்காணல் எடுப்பவர் என்ன வேலை பார்க்கிறார்?

நேர்காணலுக்கு நாள் குறித்து ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வந்ததும் பலரும் முதலில் கேட்பது, "யார் சார் இன்டர்வியூ எடுக்கப் போறாங்க?" என்பதுதான். "பேனல்ல இருந்து ஒருத்தர் வருவாங்க" என்று ஹெச்.ஆர். சுருக்கமாக முடித்துக்கொள்வார். எதையோ மறைக்கிறார்கள் என்று கேட்டவருக்குத் தோன்றும். அதே ஹெச்.ஆரிடம், "எடுக்கிறவங்க என்ன பொறுப்புல இருக்காங்க, சார்?" என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். தயாராவதற்கு உதவுவதும் அந்தப் பதில்தான்.

பெயரைச் சொல்ல ஹெச்.ஆர். தயங்குவதற்கு நேரான காரணங்கள் உண்டு. நேர்காணல் எடுப்பவர்கள் தங்கள் அன்றாட வேலைக்கு நடுவே இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குபவர்கள். முந்தின நாள் மாலை ஓர் அவசர வேலை வந்தால் அவருக்குப் பதில் அதே நிலையிலுள்ள வேறொருவரை உட்கார வைப்பார்கள். ஆள் மாறும், பொறுப்பு பெரும்பாலும் மாறாது. அதனால் பெயரைச் சொல்வது ஹெச்.ஆருக்குக் காப்பாற்ற முடியாத வாக்காகிவிடுகிறது. பெயர் கிடைத்ததும் லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து, "சார், நாளைக்கு உங்க இன்டர்வியூ எனக்குத்தான்" என்று செய்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பொதுவான நண்பர் மூலம் சிபாரிசுக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படி நடந்தால் அந்தச் சுற்றின் மதிப்பீட்டையே நம்ப முடியாமல் போகும் என்பதால் பல நிறுவனங்கள் பெயரை முன்கூட்டியே தருவதில்லை. கன்சல்டன்சி வழியாக வந்த வேலை என்றால், உங்களோடு பேசும் ஆளுக்கே பெயர் தெரியாமல் இருக்கலாம்.

பொறுப்பைச் சொல்வதில் இந்தச் சிக்கல்கள் அவ்வளவாக இல்லை. எந்தச் சுற்றில் எந்த நிலையிலுள்ளவர் எதைச் சோதிக்க வேண்டும் என்பதைப் பெரிய நிறுவனங்களில் முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். அமேசானில் "பார் ரெய்ஸர்" என்று ஒருவர் இருப்பார். ஆள் தேடும் குழுவுக்கு வெளியிலிருந்து வருபவர் அவர். அந்தக் குழுவின் அவசரத்துக்காகத் தேர்வின் தரம் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அப்படி ஒருவர் ஒரு சுற்றில் இருப்பார் என்று தெரிந்தவர், தன் அனுபவத்தைக் குழுவுக்கு வெளியே உள்ளவருக்கும் புரியும்படி சொல்லிப் பழகிக்கொள்ளலாம். அவர் பெயர் தெரிந்து இதைவிடக் கூடுதலாக எதுவும் செய்துவிட முடியாது.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஐந்து ஆண்டுகளாக பேக்எண்டு டெவலப்பராக இருக்கும் ஒரு பெண், ஒரு பிராடக்ட் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறார். முதல் ஆன்லைன் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரே நாளில் மூன்று சுற்றுகள். அழைப்பு மெயிலில் "டெக்னிகல் 1, டெக்னிகல் 2, மேனேஜீரியல்" என்று மட்டும் இருக்கிறது.

அவர் பேசுவதற்கு வைத்திருக்கும் முக்கியமான அனுபவம் ஒன்றுதான்: பேருந்து டிக்கெட் முன்பதிவுச் செயலியில் பணத்தைத் திருப்பித் தரும் பகுதியைச் சரிசெய்தது. டிக்கெட்டை ரத்து செய்யும்போது நெட்வொர்க் தடுமாறினால் செயலி அதே கோரிக்கையை மறுபடியும் அனுப்பும். சர்வர் அதைப் புதுக் கோரிக்கை என்று நினைத்துச் சிலருக்கு இரண்டு தடவை பணம் போட்டுவிட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அந்த எண் டேட்டாபேஸில் ஒரு முறைக்கு மேல் பதிவாகாதபடி அவர் மாற்றினார். அதே எண்ணோடு மறுபடி கோரிக்கை வந்தால் பணம் போகாது, முதல் தடவை கிடைத்த பதிலே திரும்பிப் போகும்.

மெயில் வந்த அன்றே அவர் ஹெச்.ஆருக்கு போன் செய்கிறார்.

"சார், வர்ற வியாழக்கிழமை மூணு ரவுண்டும் எனக்கு ஓகே. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கலாமா? ஒவ்வொரு ரவுண்டையும் எடுக்கிறவங்க என்ன ரோல்ல இருக்காங்கன்னு தெரிஞ்சா, அதுக்கேத்த மாதிரி தயாராகிக்குவேன். பேரெல்லாம் வேண்டாம் சார். கடைசி நேரத்துல ஆள் மாறினாலும் பரவாயில்லை."

"முதல் ரெண்டும் டெக்னிகல் ஆளுங்கதாங்க. மூணாவது மேனேஜர்."

"சரிங்க சார். அந்த ரெண்டு பேரும் நான் சேரப் போற டீம்ல கூட வேலை பார்க்கிறவங்களா, இல்ல வேற டீமா?"

"ஒருத்தர் அதே டீம்ல சீனியர் டெவலப்பர். இன்னொருத்தர்... பார்த்துச் சொல்றேன். ஆ, அவங்க பிராடக்ட் மேனேஜர்."

"மூணாவது ரவுண்டு எடுக்கிறவர்கிட்டதான் நான் ரிப்போர்ட் பண்ணணுமா, சார்?"

"ஆமாங்க. அவர்தான் என்ஜினியரிங் மேனேஜர்."

இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியவை சில. நேரம் ஒத்துவரும் என்பதை அவர் முதலில் சொல்லிவிட்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது கேள்வியோடு சேர்ந்தே வந்தது. பெயர் வேண்டாம் என்று அவரே முந்திக்கொண்டதால், மறுக்க வேண்டிய சங்கடம் ஹெச்.ஆருக்கு இல்லை. "டெக்னிகல் ஆளுங்க" என்ற மங்கலான பதில் வந்தபோது அவர் வற்புறுத்தவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி எளிய கேள்வியாக மாற்றிக் கேட்டார். காலண்டரைத் திறந்து பார்த்துச் சொல்ல ஹெச்.ஆருக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

மெயிலில் கேட்பதானாலும் இதே வரிசைதான்: நேரத்தை உறுதி செய்வது, காரணம், கேள்வி, பெயர் தேவையில்லை என்ற ஒரு வரி. நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. நேர்காணலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது கேட்டுவிடுவது நல்லது. முந்தின இரவு பதில் வந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பதில் கிடைத்த பிறகு அந்தப் பெண்ணின் தயாரிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். "டெக்னிகல் 2" என்ற பெயரை மட்டும் நம்பியிருந்தால் அதற்கும் அவர் கோடிங் கணக்குகளையே போட்டுக்கொண்டிருப்பார். எதிரே உட்காரப் போவது பிராடக்ட் மேனேஜர் என்பது இப்போது தெரியும்.

சீனியர் டெவலப்பர் நாளைக்கு இவர் எழுதும் கோடைப் பரிசோதிக்கப் போகிறவர். அவருடைய கேள்விகள் ஓரங்களைத் தேடிப் போகும். முதல் கோரிக்கை இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே எண்ணோடு இரண்டாவது வந்தால் என்ன பதில் தருவீர்கள்? பணம் போய்விட்டது, ஆனால் அதைப் பதிவு செய்வதற்குள் சர்வர் விழுந்துவிட்டால்? அந்த அடையாள எண்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? இவற்றுக்கு அவர் பேப்பரில் படம் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் எழுதாத பகுதியை எழுதியதாகச் சொன்னால் பிடிபடுவது பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான்.

பிராடக்ட் மேனேஜருக்கு டேட்டாபேஸ் விவரம் அவ்வளவு முக்கியமில்லை. பணம் வந்துசேரும்வரை பயணியின் திரையில் என்ன தெரிந்தது? பயணி மறுபடி மறுபடி பட்டனை அழுத்தாமல் இருக்க என்ன செய்தீர்கள்? இதைச் சரிசெய்ய எந்தப் புது வசதியைத் தள்ளிப் போட்டீர்கள், அந்த முடிவை யார் எடுத்தார்கள்? ஐந்து ஆண்டுகள் கோடு மட்டுமே எழுதியவருக்கு இந்தக் கேள்விகள் புதிதாக இருக்கும். இவருக்கு அதிக நேரம் தேவைப்படுவது இந்தச் சுற்றுக்குத்தான். அந்த போன் பேச்சின் பெரிய லாபம் இதுவென்று நான் சொல்வேன், ஏனென்றால் எங்கே பலவீனமோ அங்கே இரண்டு மாலைகளைச் செலவிட அது வழிகாட்டிவிட்டது.

என்ஜினியரிங் மேனேஜர் இந்த ஆளோடு தினமும் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று பார்ப்பார். இரண்டு தடவை பணம் போனதை முதலில் கண்டுபிடித்தது யார், மேலிடத்துக்கு எப்போது சொன்னீர்கள், உங்கள் தீர்வை ஒப்புக்கொள்ளாதவர் யாராவது இருந்தார்களா என்று கேட்பார். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருந்தால் அதைப் பற்றியும் இங்கேயே கேள்வி வரலாம். கடைசியில், "நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள் அல்லவா, அதற்கும் பொறுப்பைப் பார்த்துத்தான் கேள்வி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்பது மேனேஜரிடம் கேட்க வேண்டியது. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யாரை எழுப்புவார்கள் என்பதை சீனியர் டெவலப்பரிடம் கேட்டால் ஒளிவில்லாத பதில் வரும்.

பொறுப்பின் பெயரே ஏமாற்றுவதும் உண்டு. "மேனேஜர்" என்றால் ஒரு நிறுவனத்தில் இன்னும் கோடு எழுதுகிறவராக இருக்கலாம், வேறொன்றில் கால அட்டவணையையும் வாடிக்கையாளரையும் மட்டும் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். அதனால்தான் பதவிப் பெயரோடு நிற்காமல், எனக்கு மேலேயா, கூடவா, வேறு பிரிவா என்று கேட்பது பயன்படுகிறது. சர்வீஸ் கம்பெனிகளில் "கிளையன்ட் ரவுண்டு" என்று சொன்னால், வருகிறவர் வாடிக்கையாளர் தரப்பில் தொழில்நுட்பம் பார்ப்பவரா, பிசினஸ் பார்ப்பவரா என்று மட்டும் கேட்டால் போதும்.

இரண்டாவது முறையும் "தெரியலைங்க" என்றே பதில் வந்தால் விட்டுவிட வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் நச்சரிப்பாகிவிடும். "ரவுண்டு எப்படி இருக்கும்? ஸ்கிரீனைப் பகிர்ந்து கோடு எழுதணுமா, பேச்சு மட்டும்தானா?" என்ற கேள்விக்கு மாறலாம். அதிலிருந்தே பாதி ஊகிக்க முடியும். என்ன கேள்விகள் வரும் என்று மட்டும் கேட்கவே கூடாது, அதுவரை பேசிய மரியாதை அந்த ஒரு கேள்வியில் போய்விடும்.

சில சமயம் கேட்காமலேயே பெயர் வந்துவிடும். காலண்டர் அழைப்பில் கலந்துகொள்பவர்களின் மெயில் முகவரி அப்படியே தெரியும். அவர் பொதுவில் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரையையோ, பேசிய வீடியோவையோ பார்ப்பதில் தவறில்லை. கனெக்ஷன் கோரிக்கையையும் செய்தியையும் முடிவு வரும்வரை அனுப்ப வேண்டாம். "நீங்களும் எங்க காலேஜ்தானே" என்ற பேச்சும் வேண்டாம், சிலருக்கு அது தன்னைத் துருவிப் பார்த்ததாகவே படும்.

வியாழக்கிழமை ஆள் மாறி, பிராடக்ட் மேனேஜருக்குப் பதில் ஓர் ஆர்க்கிடெக்ட் வந்து உட்காரலாம். பெரும்பாலான நேர்காணல்கள் இரு பக்கமும் அறிமுகம் செய்துகொள்வதில்தான் தொடங்கும். அவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால், "நீங்க எந்தப் பகுதியைப் பார்த்துக்கறீங்கன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி சொல்றேன் சார்" என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அவர் இரண்டு வரியில் சொல்வார். அதன் பிறகு டிக்கெட் கதையைத் திரையில் தெரிந்ததிலிருந்து தொடங்குவதா, டேட்டாபேஸிலிருந்து தொடங்குவதா என்று முடிவு செய்ய அந்தப் பெண்ணுக்குச் சில நொடிகள் போதும்.