கன்று ஈன்ற பத்து நாள்: கவனிக்க வேண்டிய காய்ச்சல்

கன்று ஈன்ற பசுவிடமிருந்து இரண்டு வாரம் வரை செம்பழுப்புக் கழிவு வருவது இயல்பு. அதில் துர்நாற்றம் இருக்காது. நாளுக்கு நாள் குறையும். நாற்றமடித்து, தண்ணீராக வழிந்தால் அது கருப்பை அழற்சி. பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் இது தலைகாட்டும்.

ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். ஈன்று 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. அதைக் கையால் இழுத்தெடுத்தால் கருப்பையின் உட்சுவர் கிழியும், கிருமி எளிதில் நுழையும். ஐந்தாம் நாள் பசு தீவனத்தை ஒதுக்குகிறது, பால் குறைகிறது. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 104 டிகிரி ஃபாரன்ஹீட். இயல்பு 101.5 தான்.

அன்றே கால்நடை மருத்துவர் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசியும் காய்ச்சல் மருந்தும் தருவார். மூன்று முதல் ஐந்து நாள் ஊசியை முழுமையாகப் போட வேண்டும். காய்ச்சல் இறங்கியதுமே நிறுத்தினால் கிருமி தங்கிவிடும். மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலை விற்கக் கூடாது.

தாமதித்தால் கிருமியின் நச்சு கருப்பையின் உட்படலத்தை அரிக்கும். கருவைத் தாங்க வேண்டிய இடம் அதுதான். சினைமுட்டை வளர்ச்சியும் தடுமாறும். ஈன்ற 60 முதல் 90 நாளில் சினை ஊசி போட்டாலும் பிடிக்காமல், பசு மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வரும்.

எனவே ஈன்ற பத்து நாளும் காலையில் வெப்பம் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் 1962-க்கு அழையுங்கள்.