பத்து பம்ப் ஆர்டர் லாபமா, நஷ்டமா?

ஒர்க்‌ஷாப் லேப்ல லேத்துல வேலை பார்த்த எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். ஜாப்பை சக்கில் பிடிச்சு, சென்டர் பார்த்து, டூல் ஹைட் சரி பண்றதுக்கே பாதி பீரியட் போயிடும். டர்னிங் பத்து நிமிஷம்தான். ஒரு தடவை செட் பண்ணிட்டு ஒரே மாதிரி நாற்பது ஜாப் போட்டா அந்த செட்டிங் நேரம் யாருக்கும் உறைக்காது. ஒவ்வொரு ஜாப்புக்கும் புதுசா செட் பண்ணணும்னா? அதுக்கான செலவை யார் தலையில் எழுதுறது? ஐந்தாவது செமஸ்டர் காஸ்டிங் பேப்பர்ல வர்ற ஏபிசி முறை, அதாவது ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங், இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்குது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர் பக்கம் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு ஃபேக்டரி என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் எல்லாம் நான் எடுத்துக்கொண்டவை). இரண்டே மாடல். ‘சாதா’ பம்ப் வருஷத்துக்கு 9,000. கஸ்டமர் கேட்கிற மாதிரி செய்து தரும் ‘ஸ்பெஷல்’ பம்ப் 1,000. இரண்டுக்குமே ஆள் வேலை ஒரு பம்புக்கு 2 மணி நேரம். மெட்டீரியலும் கூலியும் சேர்த்து சாதாவுக்கு 2,600 ரூபாய், ஸ்பெஷலுக்கு 2,900. விற்கும் விலை முறையே 3,100, 3,700. இது போக மின்சாரம், தேய்மானம், செட்டர் சம்பளம், பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் எல்லாம் சேர்ந்த ஓவர்ஹெட் வருஷத்துக்கு 40 லட்சம்.

பழைய முறை ரொம்ப சுலபம். மொத்த ஆள் வேலை 20,000 மணி நேரம். 40 லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். ஒவ்வொரு பம்பும் 2 மணி நேரம் எடுப்பதால் இரண்டு மாடலுக்கும் 400 ரூபாய் ஓவர்ஹெட். சாதாவின் அடக்கம் 3,000, லாபம் 100. ஸ்பெஷலின் அடக்கம் 3,300, லாபம் 400. இதைப் பார்க்கும் எந்த முதலாளியும் என்ன சொல்வார்? “சாதாவை விடுப்பா, ஸ்பெஷல் ஆர்டரைப் பிடி.” சேல்ஸ்காரருக்கு டார்கெட்டும் அப்படியே போகும்.

இப்போ ஷாப் ஃப்ளோருக்குள் போவோம். சாதா பம்ப் ஒரு பேட்ச்சுக்கு 450 என ஓடுது. வருஷத்துக்கு 20 செட்டப். ஸ்பெஷல் ஆர்டர் ஒவ்வொன்றும் பத்து பத்தா வருது, 100 செட்டப். கேஸிங், இம்பெல்லர், ஷாஃப்ட் எல்லாத்துக்கும் ஃபிக்ஸ்சர் மாத்தணும், முதல் பீஸை செக் பண்ணணும். செட்டர்களிடமும் சூப்பர்வைசரிடமும் உட்கார்ந்து, நேரம் எதில் போகிறது என்று கேட்டு, 40 லட்சத்தை மூன்றாகப் பிரிக்கிறோம்: செட்டப்புக்கு 12 லட்சம், பர்ச்சேஸுக்கு 6 லட்சம், மெஷின் ஓடுவதற்கு 22 லட்சம். ஒவ்வொன்றும் எதனால் கூடுகிறதோ அதுதான் அதன் காஸ்ட் டிரைவர்.

செட்டப் செலவை இழுப்பது செட்டப் எண்ணிக்கை. மொத்தம் 120, ஆகவே ஒன்றுக்கு 10,000 ரூபாய். சாதாவுக்கு 2 லட்சம், ஸ்பெஷலுக்கு 10 லட்சம். பர்ச்சேஸ் செலவை இழுப்பது பர்ச்சேஸ் ஆர்டர். சாதாவுக்கு 120, ஸ்பெஷலுக்கு 180. ஒன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 2.4 லட்சமும் 3.6 லட்சமும். மெஷின் செலவு மெஷின் மணி நேரப்படி. சாதா ஒன்றுக்கு 1 மணி, ஸ்பெஷலுக்கு 2 மணி. மொத்தம் 11,000 மணி, மணிக்கு 200 ரூபாய், அதாவது 18 லட்சமும் 4 லட்சமும்.

கூட்டினால் சாதாவின் பங்கு 22.4 லட்சம், ஒரு பம்புக்கு சுமார் 249 ரூபாய். ஸ்பெஷலின் பங்கு 17.6 லட்சம், ஒரு பம்புக்கு 1,760! அடக்கம் 4,660, விற்பது 3,700. ஒவ்வொன்றிலும் 960 ரூபாய் போகுது. “நூறு ரூபா லாபம்தான்” என்று ஒதுக்கப்பட்ட சாதா பம்ப் உண்மையில் 251 ரூபாய் தருது.

கவனிங்க, இரண்டு முறையிலும் மொத்த லாபம் அதே 13 லட்சம்தான். அதனால்தான் வருஷக் கடைசி பேலன்ஸ் ஷீட்டில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. அது தெரியுற இடம் மார்க்கெட். ஸ்பெஷல் ஆர்டருக்குப் பேரம் பேசாமல் கஸ்டமர் கையெழுத்துப் போடுவார். சாதா பம்புக்கு மட்டும் பக்கத்து ஃபேக்டரி நம்மளை விடக் குறைச்சு கொட்டேஷன் கொடுக்கும். அமெரிக்காவில் அயோவா மாநிலம் வாட்டர்லூவில் ஜான் டீர் கம்பெனியின் காம்பொனென்ட் ஒர்க்ஸில் நடந்தது இதேதான். 1980-களில் அந்த யூனிட் பாகங்களுக்கு விலை கொடுத்தபோது, அதிக எண்ணிக்கையில் ஓடும் பாகங்களை வெளியாட்களிடம் இழந்தது. கிடைத்தவை பெரும்பாலும் கொஞ்சமா ஓடும் பாகங்கள். ராபர்ட் கேப்லன் இதை 1987-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் கேஸ் ஆக எழுதினார்.

சரி, அப்போ ஸ்பெஷலை நிறுத்திடலாமா? எக்ஸாம்ல நிறைய பேர் இப்படித்தான் எழுதுறாங்க. நிறுத்தினால் 17.6 லட்சம் மறுநாளே மிச்சமாகாது. செட்டர் சம்பளம் அப்படியே இருக்கும், மெஷின் தேய்மானமும் இருக்கும். ஏபிசி காட்டுவது யார் எவ்வளவு பயன்படுத்துறாங்க என்பதை. எவ்வளவு பணம் வெளியே போகாமல் நிற்கும் என்பதை அல்ல. இன்னொரு வேடிக்கையும் இருக்கு. ஸ்பெஷலை நிறுத்திட்டு அதே 12 லட்சத்தை மிச்சமுள்ள 20 செட்டப்பால் வகுத்தால் ஒரு செட்டப் 60,000 ரூபாய் ஆகிடும்! செட்டர் வேலை ஒன்றும் மாறவில்லை, கணக்குதான் மாறுது. இதைத் தவிர்க்க, நடந்த செட்டப்பால் வகுக்காமல், அந்த ஆட்களால் செய்ய முடிந்த செட்டப்பால் வகுக்கணும். அவங்களால் 150 முடியும் என்றால் ஒன்றுக்கு 8,000 ரூபாய். 120 தான் நடந்தது என்றால், மிச்ச 2.4 லட்சம் எந்த பம்பின் தலையிலும் ஏறாமல் ‘சும்மா இருந்த கெப்பாசிட்டி’ என்று தனி வரியில் நிற்கும்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேற. ஸ்பெஷல் பம்பின் ஓவர்ஹெட் 1,760 என்பதே உண்மையில் பம்புக்கு ஒட்டிய எண் இல்லை. அது ஆர்டருக்கு ஒட்டியது. பழைய 10,000 ரூபாய் ரேட்டிலேயே பார்ப்போம். ஒரு ஸ்பெஷல் ஆர்டர் வந்தால் செட்டப் 10,000, பர்ச்சேஸ் சராசரியா 3,600. ஆக 13,600 ரூபாய், பம்ப் பத்தானாலும் நூறானாலும். ஒவ்வொரு பம்பும் விலையில் மெட்டீரியல், கூலி போக 800 ரூபாய் தருது. மெஷினுக்கு 400 போனால் மிச்சம் 400. 13,600-ஐ 400-ஆல் வகுங்க: 34. ஆர்டர் 34 பம்புக்கு மேல் போனால் லாபம், கீழே வந்தால் நஷ்டம். ஃபேக்டரி பத்துப் பத்தா வாங்கிக்கிட்டிருந்தது!

இப்போ சேல்ஸ்காரரிடம் “ஸ்பெஷலை விற்காதே” என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்டருக்கு 13,600 ரூபாய் செட்டப் சார்ஜ், அதற்கு மேல் பம்ப் ஒன்று 3,300 என்று கொட்டேஷனை இரண்டு வரியாகப் பிரிச்சாலே போதும். பத்து பம்ப் கேட்பவர் ஒன்றுக்கு 4,660 தருவார், நூறு கேட்பவர் 3,436. அல்லது ஃபிக்ஸ்சரை சீக்கிரம் மாத்துற வழியைப் பார்க்கலாம்; அது மெக்கானிக்கல்காரங்க வேலை.

எல்லா இடத்திலும் இது வேணுமா? இரண்டு மாடலும் ஒரே அளவு பேட்ச்சில், ஒரே மாதிரி மெஷின்ல ஓடினால் பழைய முறையே கிட்டத்தட்ட அதே விடையைத் தரும், மெனக்கெட வேண்டாம். மெனக்கெடும் இடத்திலும், செட்டரிடம் “உன் நேரத்தை எதில் எவ்வளவு செலவழிக்கிறே?” என்று கேட்டால் அவர் நூறு சதவீதத்தையும் நிரப்பித்தான் சொல்வார். டீ குடிச்ச நேரத்தை யாரும் சொல்றதில்லை. அதனால் அந்த 12 லட்சத்தை நம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச்சோட ஃப்ளோர்ல நின்னு பார்த்துடுங்க.