52,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு மணி நேரத்தின் மதிப்பு

மாதச் சம்பளக்காரரின் ஊதியம் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. வேலை நேரம் வாரத்துக்கு இவ்வளவு என்று நியமன ஆணையில் எழுதப்படுகிறது. சம்பளத்தை அந்த எழுதப்பட்ட நேரத்தால் வகுத்தால் வருவது ஒப்பந்த மணிக்கூலி. உண்மையில் உழைத்த நேரத்தால் வகுத்தால் வருவது உண்மை மணிக்கூலி. கூடுதல் நேரத்துக்குத் தனியாகப் பணம் தராத வேலைகளில் இரண்டாவது தொகை முதலாவதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்பதை எந்தச் சம்பளச் சீட்டும் சொல்வதில்லை. வேலை பார்ப்பவர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சீனியர் அக்கவுண்டன்ட் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பிடித்தங்களுக்கு முன் மாதச் சம்பளம் 52,000 ரூபாய். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு வந்து மாலை 6.30க்குக் கிளம்பலாம். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஆக, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம். ஆண்டுச் சம்பளம் 6,24,000 ரூபாய். 52 வாரங்களுக்கு 2,080 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 300 ரூபாய்.

இந்த இடத்திலேயே பலர் தவறிவிடுகிறார்கள். மாதத்துக்கு நாலு வாரம் என்று எடுத்துக்கொண்டு 52,000 ரூபாயை 160ஆல் வகுத்தால் 325 ரூபாய் வரும். பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் சரியாக நாலு வாரத்தில் முடிவதில்லை. ஆண்டுச் சம்பளத்தை ஆண்டு நேரத்தால் வகுப்பதே பிழையில்லாத வழி.

அடுத்து, உண்மையான நேரம். கணக்குப் பிரிவின் மாதம் தேதிகளால் ஆனது. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரங்களை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற வேண்டும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். சப்ளையர் ஏற்றிய பில்லும் தன்னிடம் உள்ள பில்லும் ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சரிசெய்யும் வேலை மாலை ஆறரைக்குள் முடியாது. இந்த ஊழியர் நாலு வாரம் நேரத்தைக் குறித்து வைத்ததில் முதல் வாரம் 49, அடுத்தது 52, ரிட்டர்ன் வாரம் 54, கடைசி வாரம் 45 மணி நேரம் என்று வந்தது. மொத்தம் 200, சராசரி 50.

6,24,000 ரூபாயை 2,600 மணி நேரத்தால் வகுத்தால் 240 ரூபாய். மணிக்கு 60 ரூபாய் குறைந்துவிட்டது. வேலை நேரம் கால் பங்கு கூடியது, மணிக்கூலியோ ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. இரண்டு விகிதமும் ஒன்றாக இருக்காது. ஒப்பந்த நேரத்தை உண்மை நேரத்தால் வகுத்தால் மிஞ்சும் பங்கு கிடைக்கும்: 40க்கு 50 என்றால் 80 சதவீதம், 40க்கு 60 என்றால் 67 சதவீதம். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023இல் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னது நாடு முழுவதும் விவாதமானது. அந்த 70 மணி நேரத்தை இதே சம்பளத்துக்கு உழைத்தால் மணிக்கு 171 ரூபாய்தான் கையில் நிற்கும். அந்த விவாதத்தில் உழைப்பின் பெருமை நிறையப் பேசப்பட்டது. இந்த வகுத்தல் கணக்கும் அதே அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் எழலாம். ஆண்டின் 52 வாரமும் யாரும் வேலை செய்வதில்லை. பண்டிகை விடுமுறை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு எல்லாம் போக 46 வாரம் என்று எடுத்தால் ஒப்பந்த மணிக்கூலி சுமார் 339, உண்மை மணிக்கூலி சுமார் 271 ஆகும். தொகைகள் மாறினாலும் இழப்பு அதே ஐந்தில் ஒரு பங்குதான். ஒன்றை 52 வாரத்துக்கும் மற்றதை 46 வாரத்துக்கும் போட்டால்தான் கணக்கு கெடும். எடுக்க முடியாமல் காலாவதியாகும் விடுப்பும் சம்பளமில்லாத கூடுதல் நேரமே. 12 நாள் கேஷுவல் லீவ் வீணானால் 96 மணி நேரம் கூடுதலாக உழைத்ததாக அர்த்தம்.

எதை வேலை நேரமாகக் கொள்வது என்பது இதைவிடச் சிக்கலானது. அலுவலக வாசலில் கார்டு தேய்க்கும் நேரத்தை மட்டும் நம்ப முடியாது. அதில் சாப்பாட்டு நேரமும் சேர்ந்துவிடும், இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து அனுப்பிய அறிக்கை விடுபட்டுவிடும். வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொன்னதைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு மாலையில் அது ஆறு முறை நடந்தால் அரை மணி நேரம். பயண நேரம் 40 மணி நேர வேலையிலும் உண்டு என்பதால் அதைக் கூடுதல் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் சனிக்கிழமை வரச் சொன்னால், அன்றைய பயணம் அந்தக் கூடுதல் வேலைக்காகவே வந்தது. நேரத்தைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கும் மாதமும் முக்கியம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பை மட்டும் எடுத்தால் தொகை மிகையாகிவிடும், தீபாவளி வாரத்தைச் சேர்த்தால் குறைந்துவிடும். வழக்கமான ஒரு முழு மாதமே பொருத்தம்.

சம்பளத்தில் எந்தத் தொகையை எடுப்பது என்பதிலும் ஒரு பொறி உண்டு. வேலைக்கு எடுக்கும்போது சொல்லப்படும் சி.டி.சி. தொகையில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, காப்பீட்டு பிரீமியம், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதி வைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் இருக்கும். அதை வகுத்தால் மணிக்கூலி அழகாகத் தெரியும், ஆனால் அந்தப் பணம் முழுவதும் மாதந்தோறும் வருவதில்லை. பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளத்தை எடுத்து, ஒப்பீடு முழுக்க அதையே வைத்துக்கொள்வது நல்லது.

240 என்பது ஒரு சராசரி. அது ஒரு விஷயத்தை மறைக்கிறது: 50 மணி நேரமும் 240 ரூபாய் வீதம் சம்பாதிக்கப்படவில்லை. முதல் 40 மணி நேரத்துக்கு 300 ரூபாய், கடைசிப் பத்து மணி நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. இன்று இரவு ஒன்பது வரை இருப்பதா, கிளம்புவதா என்று ஒருவர் யோசிக்கும்போது அந்த நேரத்தின் கூலி பூஜ்யம். பதவி உயர்வோ வேலைப் பாதுகாப்போ பின்னால் வரும் என்ற நம்பிக்கைதான் அதற்கு ஈடு.

சட்டம் அந்தப் பத்து மணி நேரத்தைப் பூஜ்யமாக விடவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. அதற்கு மேல் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 வரை வேலை வாங்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு வழக்கமான கூலியைப்போல் இரு மடங்கு தர வேண்டும். இந்த ஊழியரின் கூடுதல் நேரம் முழுவதும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்டதாக இருந்தால், மணிக்கு 600 ரூபாய் வீதம் வாரத்துக்கு 6,000 ரூபாய் வர வேண்டும். ஆண்டில் 46 வாரத்துக்கு 2,76,000 ரூபாய். ஐந்து மாதச் சம்பளத்துக்கும் அதிகம்.

இந்தத் தொகை பெரும்பாலோர் கைக்கு வராததற்குக் காரணம் சட்டத்தின் விலக்குகளிலேயே இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், பயணம் சார்ந்த வேலை செய்பவர்களுக்கும், கேன்வாசர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. சில வகை நிறுவனங்களுக்கு அரசு ஆணை மூலம் விலக்கு அளிக்கவும் முடியும். அதனால்தான் கீழே ஒருவர்கூட இல்லாதவருக்கும் ‘மேனேஜர்’ என்ற பெயர் கிடைக்கிறது. தொழிலாளர் வழக்குகளில் நீதிமன்றங்கள் பதவியின் பெயரைவிட, செய்யும் வேலையின் தன்மையையே பார்த்து வந்திருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க நேரக் குறிப்பும், மின்னஞ்சல் சென்ற நேரமும், வேலை ஒதுக்கிய செய்திகளும் கையில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் உண்மை மணிக்கூலி சட்டத்துக்குள்ளேயே நுழைந்த வரலாறு உண்டு. அங்கு 1938ஆம் ஆண்டுச் சட்டம் வார வேலை நேரத்தின் வரம்பைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. ஏற்ற இறக்கமான நேரத்துக்கு நிலையான வாரச் சம்பளம் வாங்கிய, லாரிப் போக்குவரத்து நிறுவன எழுத்தர் ஒருவரின் வழக்கில், அவருடைய வழக்கமான மணிக்கூலி எது என்ற கேள்வி வந்தது. அந்த வாரத்தில் உண்மையில் உழைத்த நேரத்தால் சம்பளத்தை வகுத்து வருவதே அது என்று 1942இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியருக்கு ஓவர்டைம் உரிமை கிடைத்தது. ஆனால் இந்த முறையில் ஒரு வாரம் எவ்வளவு நீளமாக உழைக்கிறாரோ, அந்த வாரத்தின் மணிக்கூலியும் அதை அடிப்படையாகக் கொண்ட கூடுதல் கூலியும் அவ்வளவு குறையும்.

வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மணிக்கூலியால் கட்டப்படுவதில்லை, மாதத் தொகையால்தான். ஆகவே மணிக்கூலி அதிகம் என்பதற்காகவே சம்பளம் குறைந்த வேலைக்கு மாறுவது எல்லோருக்கும் முடியாது. மீதமாகும் நேரத்தைப் பணமாக்கவும் எல்லோருக்கும் வழி இருக்காது. இந்தக் கணக்கு அதிகம் உதவுவது சம்பள உயர்வின்போதுதான். இதே ஊழியருக்கு அடுத்த ஏப்ரலில் 10 சதவீத உயர்வும் புதிய பொறுப்பும் வருகின்றன. சம்பளம் 57,200 ரூபாய். இன்னொரு கிளையின் கணக்கும் அவர் தலையில் விழுவதால் வாரம் 50 மணி நேரம் 55 ஆகிறது. ஆண்டுக்கு 6,86,400 ரூபாயை 2,860 மணி நேரத்தால் வகுத்தால் மீண்டும் அதே 240 ரூபாய். மாதத்துக்கு 5,200 ரூபாய் கூடுதலாக வந்தாலும், கூடுதல் உழைப்பை விற்று வாங்கிய பணம் அது, உயர்வு இல்லை. சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர், புதிய சம்பளம் எவ்வளவு என்பதோடு புதிய பொறுப்புக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.